படிப்பும் வருமானமும்: ஒட்டுறவு எது, காரணம் எது?

படித்தவர்கள் படிக்காதவர்களைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள். சம்பள விவரம் திரட்டப்பட்ட ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் இது தெரிகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் ஜேக்கப் மின்சர் 1974-இல் வெளியிட்ட நூலில், ஒருவர் பள்ளியில் கழித்த ஆண்டுகளையும் வேலையில் கழித்த ஆண்டுகளையும் கொண்டு அவருடைய ஊதியத்தை மதிப்பிடும் சமன்பாடு ஒன்றைக் கொடுத்தார். அதன்பின் பல நாடுகளின் தரவுகளை அந்தச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாட்டுக்கு நாடு எண் மாறினாலும், கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஊதியம் சராசரியாகப் பத்து சதவீதத்தை ஒட்டிக் கூடுதலாக இருப்பதாகவே விடை வருகிறது. இந்தோனேசியாவில் 1995-இல் எடுக்கப்பட்ட ஒரு பெரிய கணக்கெடுப்பில் அந்த எண் எட்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு.

இரண்டு அளவுகள் இப்படிச் சேர்ந்தே ஏறி இறங்குவதைப் புள்ளியியலில் ஒட்டுறவு என்பார்கள். அதிகம் படித்தவர்கள் ஒருபுறம், குறைவாகப் படித்தவர்கள் மறுபுறம். இரு கூட்டத்தின் சராசரிச் சம்பளத்துக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம். ஒட்டுறவு சொல்வது அவ்வளவுதான். காரண உறவு பற்றிய கேள்வி வேறு. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒருவர், அதே வீட்டில் பிறந்து, அதே ஊரில் வளர்ந்து, அதே புத்தியோடும் அதே உடம்போடும் ஒன்பதாம் வகுப்பையும் முடித்திருந்தால் இன்று எவ்வளவு கூடுதலாகச் சம்பாதித்திருப்பார்? முதல் கேள்வி இரண்டு வெவ்வேறு ஆட்களை ஒப்பிடுகிறது. இரண்டாவது ஒரே ஆளின் இரண்டு வாழ்க்கைகளை ஒப்பிடுகிறது. அந்த இரண்டில் ஒன்றுதான் நடந்தது. மற்றது எந்தக் கணக்கெடுப்பிலும் பதிவாவதில்லை. சமூகத் தரவுகளிலிருந்து காரணத்தைக் கண்டறிவதில் உள்ள சிரமம் முழுவதும் இதில்தான் இருக்கிறது: நடக்காத வாழ்க்கைக்கு ஈடாக, நடந்த வேறொருவரின் வாழ்க்கையை வைக்க வேண்டியிருக்கிறது. யாரை வைப்பது?

பள்ளியைப் பாதியில் விட்டவருக்கு ஈடாகப் பள்ளிப் படிப்பை முடித்த ஒருவரை வைத்தால் என்ன கோளாறு நேரும் என்பதைக் கற்பனையான சில எண்களை வைத்துப் பார்க்கலாம். ஓர் ஊரில் வேலைக்குப் போகும் ஆண்கள் 200 பேர். அவர்களில் 100 பேர் வசதியான வீட்டில் பிறந்தவர்கள், 100 பேர் கூலி வேலை செய்யும் வீட்டில் பிறந்தவர்கள். வசதியான வீட்டார் 100 பேரில் 80 பேர் பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறார்கள், 20 பேர் முடிக்கவில்லை. கூலி வீட்டில் இது தலைகீழ்: 20 பேர் முடித்தவர்கள், 80 பேர் முடிக்காதவர்கள். வசதியான வீட்டுப் பிள்ளை பள்ளியை முடிக்காவிட்டாலும் அப்பாவின் கடை, மாமாவின் சிபாரிசு என்று மாதம் 20,000 ரூபாய் சம்பாதிக்கிறார், முடித்திருந்தால் 22,000. கூலி வீட்டுப் பிள்ளை முடிக்காவிட்டால் 10,000, முடித்தால் 12,000. ஆக எந்த வீட்டில் பிறந்தாலும் பள்ளிப் படிப்பு ஒருவருக்குச் சேர்த்துக் கொடுப்பது 2,000 ரூபாய்.

கணக்கெடுப்புக்கு வருபவர் குடும்பப் பின்னணியைக் கேட்காமல் படிப்பையும் சம்பளத்தையும் மட்டும் எழுதிக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். படித்து முடித்த 100 பேரில் 80 பேர் 22,000 வாங்குகிறார்கள், 20 பேர் 12,000 வாங்குகிறார்கள், சராசரி 20,000. முடிக்காத 100 பேரில் 20 பேருக்கு 20,000, 80 பேருக்கு 10,000, சராசரி 12,000. வித்தியாசம் 8,000 ரூபாய். படிப்பு உண்மையில் தந்தது 2,000. மீதி 6,000 குடும்பத்தின் கொடை. ஆனால் தாளில் எல்லாம் படிப்பின் பெயரிலேயே ஏறிவிடுகிறது. இந்த 8,000 பொய்யான எண் அல்ல. படித்தவர்களும் படிக்காதவர்களும் உண்மையிலேயே அந்த அளவு வேறுபட்டிருக்கிறார்கள். அதை நம்பி அரசு ஒரு கூலி வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் தக்கவைத்து, அவருக்கு 8,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும்போதுதான் பிழை நேர்கிறது. அவருக்குக் கிடைக்கப்போவது 2,000.

கூட்டுக் காரணி என்று சொல்லப்படுவது இதுதான். குடும்பத்தின் வசதி ஒரு கையால் படிப்பையும் மறு கையால் சம்பளத்தையும் தூக்கிவிடுகிறது. கூடுதல் ஆட்களைக் கணக்கெடுத்தால் இந்தப் பிழை குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 200 பேருக்குப் பதில் இரண்டு லட்சம் பேரைக் கேட்டாலும் 8,000 என்ற தவறான விடையே இன்னும் துல்லியமாகக் கிடைக்கும். வசதியான வீட்டாரைத் தனியாகவும் கூலி வீட்டாரைத் தனியாகவும் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஒப்பிட்டால் 2,000 வெளியே வரும். மேலே சொன்ன ஊரில் குடும்ப வசதி ஒன்றுதான் மறைந்திருந்தது என்பதால் அது போதுமானதாகிறது. உண்மையான சமூகத்தில் இயல்பான திறமை, விடாமுயற்சி, உடல்நலம், ஆசிரியர்களின் தரம், ஊருக்கு அருகில் உள்ள தொழிற்சாலைகள் என்று மறைந்திருப்பவை பல. அவற்றில் பாதியை எந்தப் படிவத்திலும் கேட்பதில்லை. கேட்டாலும் அளக்க முடியாது.

பிழை எப்போதும் படிப்பின் பலனை மிகைப்படுத்தியே காட்டும் என்றும் சொல்ல முடியாது. தொழில் சாமர்த்தியம் உள்ள ஒருவர் பதினைந்து வயதிலேயே நல்ல வருமானம் கிடைக்கிறது என்று பள்ளியை விட்டுப் போகலாம். அப்படிப்பட்டவர்கள் நிறைய இருந்தால், படிக்காதவர்களின் சராசரிச் சம்பளம் உயர்ந்து, படிப்பின் பலன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். எத்தனை ஆண்டு படித்தோம் என்பதைப் பலர் தவறாக நினைவுகூர்வதும் இதே விளைவைத் தரும்: பத்தாண்டு படித்தவர் எட்டு என்றும், ஆறாண்டு படித்தவர் எட்டு என்றும் சொல்லிவிட்டால் இருவருக்கும் இடையில் உள்ள சம்பள வித்தியாசத்துக்குப் படிப்பு காரணமாகவே தெரியாது. ஒரு பிழை மேலே இழுக்கிறது, இன்னொன்று கீழே இழுக்கிறது. எது வலுவானது என்பதை நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துச் சொல்ல முடியாது.

மறைந்திருக்கும் காரணிகளை அளக்க முடியாவிட்டாலும் அவற்றைச் சமமாக்க முடியுமா என்று தேடியவர்களுக்கு இரட்டையர்கள் கிடைத்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கு மரபணு ஒன்று, பெற்றோர் ஒன்று, வளர்ந்த வீடும் ஒன்று. அவர்களில் ஒருவர் மற்றவரைவிட இரண்டாண்டு அதிகம் படித்திருந்தால், இருவரின் சம்பள வித்தியாசத்தைக் குடும்பத்தின் கணக்கிலோ பிறவித் திறமையின் கணக்கிலோ எழுத முடியாது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் ஆண்டுதோறும் இரட்டையர் விழா ஒன்று நடக்கிறது. 1991-இல் ஆர்லி ஆஷென்ஃபெல்டர், ஆலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் அங்கே போய், விழாவுக்கு வந்திருந்த இரட்டையர்களிடம் சம்பளத்தையும் படிப்பையும் விசாரிக்க ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம், ஒவ்வொருவரிடமும் தன் படிப்பைப் பற்றி மட்டுமின்றி, உடன்பிறந்தவர் எத்தனை ஆண்டு படித்தார் என்றும் கேட்டது. இரட்டையர்களுக்கிடையே படிப்பின் வித்தியாசமே சிறியது. அதில் ஒருவர் ஓராண்டைத் தவறாகச் சொன்னால்கூட ஒப்பீடு குலைந்துவிடும். ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு சரிபார்க்கும்போது அந்தப் பிழையைக் கணக்கிட்டு நீக்க முடிந்தது. 1994-இல் வெளியான அவர்களுடைய முடிவு, ஓராண்டுக் கல்விக்கு 12 முதல் 16 சதவீதம் என்றது. பின்னாளில் கூடுதல் இரட்டையர்களைச் சேர்த்துச் செய்த ஆய்வில் அது ஒன்பது சதவீத அளவுக்கு இறங்கியது.

இரட்டையர் முறையிலும் ஒரு கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது. எல்லாவற்றிலும் ஒத்த இருவரில் ஒருவர் மட்டும் ஏன் கூடுதலாகப் படித்தார்? மற்றவருக்கு நீண்ட நாள் நோய் இருந்திருக்கலாம். படிப்பில் பிடிப்பு குறைந்திருக்கலாம். அந்தக் காரணமே பிற்காலச் சம்பளத்தையும் தொட்டிருந்தால் பழைய சிக்கல் சிறிய உருவில் திரும்பி வந்துவிட்டது என்றுதான் பொருள். ஒருவர் கூடுதலாகப் படித்ததற்கான காரணம் அவருக்கு வெளியிலிருந்து, அவருடைய திறமைக்கும் குடும்பத்துக்கும் தொடர்பில்லாத இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அப்படி ஒரு காரணத்தை இந்தோனேசிய அரசு 1970-களில் தானறியாமலே உருவாக்கித் தந்தது.

எண்ணெய் விலை உயர்ந்து கருவூலம் நிறைந்திருந்த காலம் அது. சுகார்த்தோ அரசு 1973-இல் நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகள் கட்டும் திட்டத்தைத் தொடங்கியது. அதிபரின் ஆணை என்று பொருள்படும் இந்தோனேசியச் சொற்களைச் சுருக்கி அதை ‘இன்பிரஸ்’ என்று அழைத்தார்கள். 1978-79 வரையிலான சில ஆண்டுகளில் 61,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் எழுந்தன. பள்ளிக்கு மூன்று ஆசிரியர்கள், 120 பிள்ளைகள் என்பது திட்டம். சராசரியாகப் பார்த்தால் பள்ளி வயதுக் குழந்தைகள் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ இரண்டு புதிய பள்ளிகள். ஆனால் எல்லா மாவட்டத்துக்கும் சமமாகப் பகிரவில்லை. 1972-இல் பள்ளியில் சேராத பிள்ளைகள் எங்கே அதிகமோ அங்கே அதிகப் பள்ளி என்ற விதிப்படி பகிர்ந்தார்கள். இந்த விதி எழுத்தில் இருந்தது ஆய்வாளருக்குப் பெரிய வசதி. எந்த மாவட்டத்துக்கு ஏன் அதிகம் போனது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

பிரெஞ்சுப் பொருளியலாளர் எஸ்தர் டஃப்லோ இந்தத் திட்டத்தின் மாவட்டவாரிப் பட்டியலை எடுத்து, 1995-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்போடு இணைத்தார். அந்தக் கணக்கெடுப்பில் 1950-க்கும் 1972-க்கும் இடையில் பிறந்த ஆண்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் இருந்தார்கள். ஒவ்வொருவரும் பிறந்த மாவட்டமும் பதிவாகியிருந்தது. ஒருவர் இப்போது வசிக்கும் மாவட்டத்தை விட்டுவிட்டு, பிறந்த மாவட்டத்தை வைத்துக் கணக்கிட்டார். வசிக்கும் இடத்தை வைத்தால், படித்தவர்கள் ஊரை விட்டு நகரத்துக்குப் போவதே முடிவைக் கெடுத்துவிடும். பிறந்த இடத்தை யாரும் பின்னால் மாற்றிக்கொள்ள முடியாது. 2001-இல் வெளியான இந்த ஆய்வைக் காரண உறவைத் தேடும் வேலைக்கு மாதிரியாகவே இன்று பல வகுப்புகளில் பாடம் நடத்துகிறார்கள்.

தரவை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1974-இல் 2 முதல் 6 வயதுக்குள் இருந்தவர்கள், பள்ளிக்குப் போகும் வயதை எட்டியபோது புதிய பள்ளிகள் எழுந்துகொண்டிருந்தன. இவர்களில், பள்ளிகள் அதிகம் கட்டப்பட்ட மாவட்டங்களில் பிறந்தவர்கள் சராசரியாக 8.49 ஆண்டுகள் படித்திருந்தார்கள். குறைவாகக் கட்டப்பட்ட மாவட்டங்களில் பிறந்தவர்கள் 9.76 ஆண்டுகள் படித்திருந்தார்கள். அதாவது பள்ளிகள் பெருகிய இடத்தில் படிப்பு ஓராண்டுக்கும் மேல் குறைவு. இந்த ஒட்டுறவைக் காரணம் என்று எடுத்துக்கொண்டால், பள்ளி கட்டினால் படிப்பு கெடும் என்ற அபத்தத்துக்குத்தான் வந்து சேர வேண்டும். பகிர்வு விதியைத் தெரிந்தவருக்கு விளக்கம் எளிது: பின்தங்கிய மாவட்டம் என்பதால்தான் அங்கே பள்ளிகள் போயின. பின்தங்கிய நிலை முன்பே இருந்தது.

மாவட்டங்களை ஒப்பிடாமல், ஒரே மாவட்டத்தில் முன்னே பிறந்தவர்களையும் பின்னே பிறந்தவர்களையும் ஒப்பிடலாமே என்று தோன்றும். தொடக்கப் பள்ளிக்கு உரிய வயது 7 முதல் 12 வரை. 1974-இல் 12 முதல் 17 வயதில் இருந்தவர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார்கள். புதிய பள்ளிகளால் அவர்களுக்குப் பெரிதாகப் பயனில்லை. பள்ளிகள் அதிகம் கட்டப்பட்ட மாவட்டங்களில் இந்த மூத்தவர்கள் படித்தது 8.02 ஆண்டு, இளையவர்கள் படித்தது 8.49. ஏற்றம் 0.47 ஆண்டு. ஆனால் இதில் பள்ளிகளின் பங்கு எவ்வளவு? நாடு முழுவதுமே அந்த ஆண்டுகளில் முன்னேறிக்கொண்டிருந்தது. சம்பளத்தைப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். அதே மாவட்டங்களில் இளையவர்கள் கூடுதலாகப் படித்திருந்தும், 1995-இல் மூத்தவர்களைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாகவே சம்பாதித்தார்கள். அவர்களுக்கு வயதும் வேலை அனுபவமும் குறைவு, அவ்வளவுதான். இப்படியாக ஊரை ஒப்பிட்டாலும் தவறு, தலைமுறையை ஒப்பிட்டாலும் தவறு.

டஃப்லோ இரண்டு தவறுகளையும் ஒன்றோடொன்று கழித்தார். பள்ளிகள் குறைவாகக் கட்டப்பட்ட மாவட்டங்களிலும் காலம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. அங்கே மூத்தவர்கள் 9.40 ஆண்டும் இளையவர்கள் 9.76 ஆண்டும் படித்திருந்தார்கள், ஏற்றம் 0.36. நாடு முழுவதற்கும் பொதுவான முன்னேற்றத்தின் அளவு இதுவென்று கொண்டால், அதிகப் பள்ளிகள் வந்த இடத்தின் 0.47 ஆண்டு ஏற்றத்தில் இதைக் கழித்ததுபோக மீதி இருப்பது, தசமங்களைச் சுருக்காமல் கணக்கிட்டால், ஏறத்தாழ 0.12 ஆண்டு. மாவட்டத்தின் நிரந்தரப் பின்தங்கலும் இதில் அடிபட்டுப் போகிறது, காலத்தின் பொதுவான ஓட்டமும் அடிபட்டுப் போகிறது. இதற்கு வித்தியாசங்களின் வித்தியாசம் என்று பெயர். சம்பளத்துக்கும் இதே கழித்தலைச் செய்தால், அதிகப் பள்ளிகள் பெற்ற மாவட்டங்களின் இளையவர்களுக்குச் சுமார் 2.6 சதவீதம் ஆதாயம் தெரிகிறது. மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் இடையில் அனுபவத்தால் வந்த பெரிய சம்பள இடைவெளி இரு வகை மாவட்டங்களிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் கணக்கிலிருந்து விலகிவிட்டது.

இந்தக் கழித்தல் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது. பள்ளிகள் வராமல் போயிருந்தால் இரு வகை மாவட்டங்களும் ஒரே வேகத்தில் முன்னேறியிருக்கும் என்பதே அது. பின்தங்கிய மாவட்டங்கள் எப்படியும் வேகமாக எட்டிப் பிடித்திருக்கும் என்று ஒருவர் வாதிடலாம், அது நியாயமான சந்தேகமும்கூட. அதைச் சோதிக்கும் வழி தரவுக்குள்ளேயே இருந்தது. 1974-இல் 12 முதல் 17 வயதில் இருந்தவர்களையும், 18 முதல் 24 வயதில் இருந்தவர்களையும் எடுத்துக்கொண்டு அதே கழித்தலைச் செய்து பார்க்க வேண்டும். இரு சாராரும் புதிய பள்ளியின் வயதைத் தாண்டியவர்கள். ஆகவே விடை பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். எட்டிப் பிடிக்கும் ஓட்டம் முன்பே தொடங்கியிருந்தால் இங்கேயும் ஒரு பெரிய எண் தலைகாட்டும். வந்த விடை 0.034 ஆண்டு, மிகச் சிறியது. சம்பளத்தில் வந்தது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பயன் இருக்கக் கூடாத இடத்தில் பயன் தெரிகிறதா என்று தேடுவதே இந்தச் சோதனையின் நுட்பம். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லும் எந்தச் சமூக ஆய்வையும் வாசிக்கும்போது முதலில் தேட வேண்டியது இதுபோன்ற ஒரு சோதனை இருக்கிறதா என்பதைத்தான்.

இன்னும் நெருங்கிப் பார்க்க, டஃப்லோ ஆண்டு ஆண்டாகப் பிரித்தும் கணக்கிட்டார். 1974-இல் ஒருவருக்கு என்ன வயது என்பதைக் கிடைக்கோட்டிலும், தன் மாவட்டத்தில் கூடுதலாக வந்த ஒவ்வொரு பள்ளியாலும் அவர் படிப்பு எவ்வளவு கூடியது என்பதை நெடுக்கோட்டிலும் குறித்தால், 24 வயதிலிருந்து 12 வயதுவரை புள்ளிகள் பூஜ்யத்துக்கு மேலும் கீழுமாகத் தடுமாறுகின்றன. 12-க்குக் கீழே போகப் போகக் கோடு மேலே எழுகிறது. பள்ளியில் சேர முடிந்த வயது எங்கே தொடங்குகிறதோ சரியாக அங்கிருந்து பயனும் தொடங்குகிறது. வசதி, திறமை, வட்டாரப் பொருளாதாரம் என்று மறைந்திருக்கக்கூடிய எந்தக் காரணியும் இந்த வயதைத் தெரிந்துகொண்டு அந்த இடத்தில் திரும்பாது. பள்ளிக்கூடத்தின் கைவரிசை அந்த வளைவில் தெரிகிறது.

ஆனாலும் மேலே உள்ள எளிய கழித்தலோடு நின்றிருந்தால் முடிவு நம்பகமாக இருந்திருக்காது. 0.12 ஆண்டு என்ற எண்ணின் திட்டப்பிழை 0.09-ஐ ஒட்டியது. தற்செயலாகவே இப்படி ஒரு எண் வந்திருக்கலாம் என்பதை அதனால் மறுக்க முடியாது. சம்பளத்தின் 2.6 சதவீதத்தைப் படிப்பின் 0.12 ஆண்டால் வகுத்தால் ஓராண்டுக் கல்விக்கு இருபது சதவீதத்துக்கும் மேல் என்று வரும். இரண்டு தள்ளாடும் எண்களை ஒன்றால் ஒன்று வகுத்தால் இப்படித்தான் ஆகும். மாவட்டங்களை அதிகம், குறைவு என்று இரண்டே கூடையில் போட்டதால் தகவல் வீணாகியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் குழந்தைகளுக்குச் சரியாக எத்தனை பள்ளிகள், ஒவ்வொருவரும் எந்த ஆண்டில் பிறந்தவர் என்ற முழு விவரத்தையும் பயன்படுத்தி, அதே காலத்தில் நடந்த குடிநீர், சுகாதாரத் திட்டத்தின் பங்கையும் ஒதுக்கிய பிறகு படம் தெளிந்தது. ஆயிரம் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கூடினால் படிப்பு 0.12 முதல் 0.19 ஆண்டு வரை கூடியது. சம்பளம் 1.5 முதல் 2.7 சதவீதம் வரை கூடியது. இவற்றிலிருந்து கிடைத்தது, ஓராண்டுக் கல்விக்கு 6.8 முதல் 10.6 சதவீதம் என்ற மதிப்பீடு.

இந்த எண்ணை முதலில் சொன்ன ஒட்டுறவோடு வைத்துப் பார்க்க வேண்டும். எந்த நுட்பமும் இல்லாமல் 1995 கணக்கெடுப்பில் படிப்பையும் சம்பளத்தையும் நேராக ஒப்பிட்டபோது கிடைத்தது எட்டு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு பாடுபட்டுக் கண்டறிந்த காரண மதிப்பீடும் அதைச் சுற்றியே இருக்கிறது. ஒட்டுறவு காரணத்தைக் காட்டாது என்பதைப் பலர், ஒட்டுறவு எப்போதும் பொய் சொல்லும் என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. இந்தோனேசியாவில் மேலே இழுத்த பிழைகளும் கீழே இழுத்த பிழைகளும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கலாம், அல்லது இரண்டுமே சிறியவையாக இருந்திருக்கலாம். எதுவானாலும், நேரடி ஒப்பீடு இங்கே உண்மைக்கு அருகில் இருந்தது என்பது வேறொரு வழியில் அளந்த பிறகே தெரியவந்தது. வேறொரு நாட்டில், வேறொரு காலத்தில் அப்படி இருக்கும் என்பதற்கு இது உத்தரவாதம் அல்ல. கற்பனை ஊரின் 8,000 ரூபாய்க்கும் 2,000 ரூபாய்க்கும் உள்ள தூரம் எங்கேயும் நேரலாம்.

மதிப்பீடு யாருக்குப் பொருந்தும் என்பதிலும் கவனம் தேவை. புதிய பள்ளி வந்திருக்காவிட்டாலும் படித்திருக்கக்கூடிய பிள்ளையின் வாழ்க்கையை அந்தப் பள்ளி மாற்றவில்லை. வந்தும் சேராத பிள்ளையின் வாழ்க்கையையும் மாற்றவில்லை. பள்ளி பக்கத்தில் வந்ததால் மட்டும் படித்தவர்கள்தான் இந்த ஏறத்தாழ ஏழு முதல் பதினொரு சதவீதத்துக்குள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் தொடக்கப் பள்ளி மட்டத்தில் ஓரிரு ஆண்டு கூடுதலாகப் பெற்ற எளிய குடும்பத்துப் பிள்ளைகள். கல்லூரியில் ஓராண்டு கூடுதலாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆய்வில் விடை இல்லை. மேலும் கணக்கில் இருப்பது மாதச் சம்பளமோ கூலியோ வாங்கிய ஆண்கள் மட்டும், சுமார் 60,000 பேர். சொந்த வயலிலும் சொந்தக் கடையிலும் உழைத்தவர்களின் வருமானம் அந்தக் கணக்கெடுப்பில் இல்லை. பெண்களும் இந்த ஆய்வில் இல்லை. படித்ததனால் ஒருவர் வயலை விட்டுச் சம்பள வேலைக்கு நகர்ந்திருந்தால், சம்பளக்காரர்களை மட்டும் ஒப்பிடுவதிலேயே ஒரு சாய்வு புகுந்துவிடும். டஃப்லோ அதையும் தனியே ஆராய்ந்தார். முடிவு பெரிதாக மாறவில்லை.

இன்னொரு எல்லை இதைவிட ஆழமானது. கல்வி ஒருவரின் சம்பளத்தைக் கூட்டுகிறது என்பது காரண உறவாக உறுதிப்பட்ட பிறகும், எல்லோரும் ஓராண்டு கூடுதலாகப் படித்தால் எல்லோருடைய சம்பளமும் அதே சதவீதம் கூடும் என்று பெருக்கிச் சொல்ல முடியாது. வித்தியாசங்களின் வித்தியாசம் ஒரு கூட்டம் மற்றொரு கூட்டத்தைவிட எவ்வளவு முன்னேறியது என்பதை அளக்கிறது. ஒப்பீட்டுக்கு எடுத்த கூட்டத்தையும் திட்டம் மறைமுகமாகத் தொட்டிருந்தால் அந்த அளவில் அது தெரியாது. படிப்பு ஒருவருடைய திறனை வளர்க்காமல், அவர் திறமையானவர் என்பதற்கு முதலாளிக்கு ஓர் அடையாளமாக மட்டும் பயன்படலாம் என்று மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் காட்டினார். அந்த நிலையில் தனி ஒருவருக்குப் படிப்பு சம்பளத்தைக் கூட்டும். எல்லோரும் படித்துவிட்டால் அடையாளத்தின் மதிப்பு போய்விடும். அடையாளமாக இல்லாமல் உண்மையான திறனாகவே இருந்தாலும், படித்த தொழிலாளர்கள் சந்தையில் பெருகும்போது அவர்களுக்கான கூலி அழுத்தப்படும்.

இதே இந்தோனேசியப் பள்ளித் திட்டத்தை வைத்து டஃப்லோ 2004-இல் அந்தப் பக்கத்தையும் அளந்தார். இம்முறை பார்த்தது பள்ளிகளால் பயன் பெறாத மூத்த தலைமுறையை. புதிய பள்ளிகளில் படித்த இளைஞர்கள் அதிக அளவில் வேலைக்கு வந்து சேர்ந்த மாவட்டங்களில், தொடக்கக் கல்வி முடித்தவர்களின் விகிதம் உயர உயர மூத்தவர்களின் கூலி, மற்ற இடங்களில் உயர்ந்த அளவுக்கு உயரவில்லை. வேலைக்கு வரும் படித்த கைகள் பெருகிய வேகத்துக்கு ஆலைகளும் இயந்திரங்களும் பெருகவில்லை என்பதே அவர் தந்த விளக்கம். முதல் ஆய்வில் ஒப்பீட்டுக்கு அடிக்கல்லாக வைக்கப்பட்டவர்கள் இதே மூத்தவர்கள்தான். அவர்களுடைய கூலி சற்றே அழுந்தியிருந்தால், இளையவர்களின் ஆதாயமாகத் தெரிந்ததில் ஒரு பகுதி மூத்தவர்களின் இழப்பாக இருக்கக்கூடும். ஓராண்டுக் கல்வி தனி ஒருவருக்கு என்ன தருகிறது என்ற கணக்கும், அறுபதாயிரம் பள்ளிகள் ஒரு நாட்டுக்கு என்ன தந்தன என்ற கணக்கும் தனித்தனியே அளக்க வேண்டியவை.